“என் உயிர் வாளால்தான் போகும்”: விகடகவி கதை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் பல ஆண்டுகளாகக் கதை சொல்லி வருகிறேன். அரசன் வைத்த பொறியில் அரசனையே சிக்கவைக்கும் விகடகவியின் கதையை எங்கே சொன்னாலும், முடித்தவுடன் ஒருவர் கையை உயர்த்துவார். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான் வரும். சில கேள்விகள் என்னையே பல நாள் யோசிக்க வைத்தன. இரண்டு கேள்விகளால் நான் கதை சொல்லும் விதமே மாறியது. அவற்றையெல்லாம் இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதலில் கதையை ஒருமுறை முழுதாகச் சொல்லுங்களேன்.

ஓர் அரசனுக்குத் தன் அவையில் இருந்த விகடகவி மீது தீராத கோபம். எதைச் சொன்னாலும் பேசித் தப்பித்துவிடுகிறான். இந்த முறை தப்பவே கூடாது என்று எண்ணி, அவை நிறைந்திருந்த வேளையில் எல்லோரும் கேட்க அரசன் ஆணையிட்டான்: “நீ ஒரே ஒரு வாக்கியம் சொல்லலாம். அது மெய்யானால் உன்னைத் தூக்கிலிட்டுக் கொல்வேன். பொய்யானால் வாளால் வெட்டிக் கொல்வேன். இது என் வாக்கு.”

மெய்யைச் சொன்னாலும் சாவு, பொய்யைச் சொன்னாலும் சாவு. விகடகவி சற்று நேரம் தலைகுனிந்து நின்றான். பிறகு, “அரசே, என் உயிர் வாளால்தான் போகும்” என்றான். வாளை உருவிய காவலன் அப்படியே நின்றுவிட்டான். தூக்குக் கயிற்றைப் பிடித்திருந்தவனும் நகரவில்லை. அமைச்சர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்தத் தண்டனையை நிறைவேற்றினாலும் அரசன் தன் வாக்கைத் தானே மீறியவனாகிவிடுவான். வேறு வழியின்றி விகடகவியை விட்டுவிட்டான்.

கேட்கும்போது புரிகிறது, வீட்டுக்குப் போய்ச் சொன்னால் குழம்பிவிடுகிறது. அரசன் எப்படிச் சிக்கினான்?

அரசனின் இடத்தில் நின்று பாருங்கள். வாளால் வெட்டப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெட்டினால் விகடகவி சொன்னபடியே அவன் உயிர் வாளால் போகிறது. அப்படியானால் அவன் சொன்னது மெய். மெய் சொன்னவனுக்குத் தூக்கு என்பதுதானே உங்கள் ஆணை? வாளை எடுத்தது தவறு. சரி, வாளைக் கீழே வைத்துவிட்டுத் தூக்கிலிடுகிறீர்கள். இப்போது அவன் உயிர் கயிற்றால் போகிறது. அவன் சொன்னது பொய்யாகிவிட்டது. பொய் சொன்னவனுக்கு வாள் அல்லவா? மறுபடியும் தவறு.

ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் குழப்பம் வராது. சாதாரணமாக ஒரு வாக்கியம் மெய்யா பொய்யா என்பது அரசனின் கையில் இல்லை. அவன் அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறான். இந்த வாக்கியத்தை மெய்யாக்குவதும் பொய்யாக்குவதும் அரசன் செய்யப்போகும் காரியமே. அவன் எதைச் செய்கிறானோ, அதைச் செய்திருக்கக் கூடாது என்று ஆகிவிடுகிறது.

நான் சொல்லும்போது எது மெய்க்கு, எது பொய்க்கு என்பதை மாற்றிச் சொல்லிவிட்டேன். கதை கெட்டுவிட்டதா?

அரசனின் ஆணையை மாற்றிச் சொன்னால் கெடாது. மெய்க்கு வாள், பொய்க்குத் தூக்கு என்று சொல்லியிருந்தால், விகடகவியும் “என் உயிர் கயிற்றால்தான் போகும்” என்று சொல்ல வேண்டும். பொய்க்கு எந்தத் தண்டனையோ அதைத்தான் அவன் தனக்கு நேரும் என்று சொல்ல வேண்டும். நினைவில் வைக்க இது போதும்.

ஆணையை ஒரு பக்கமும் பதிலை இன்னொரு பக்கமும் மாற்றிவிட்டால் கதை உடைந்துவிடும். முதல் கேள்வியில் உள்ள ஆணைக்கு அவன் “என்னைத் தூக்கிலிடுவீர்கள்” என்று பதில் சொன்னான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசன் தூக்கிலிட்டால் அவன் சொன்னது மெய்; மெய்க்குத் தூக்கு; எல்லாம் சரியாகப் பொருந்துகிறது. வாளால் வெட்டினால் அவன் சொன்னது பொய், பொய்க்கு வாள், அதுவும் பொருந்துகிறது. அரசன் விருப்பம்போல் எதையும் செய்யலாம். ஒரே ஒரு சொல்தான் மாறியது, அரசனைக் கட்டிய கயிறு முழுதும் அவிழ்ந்துவிட்டது. கதை சொல்லும்போது யாரும் சிரிக்கவில்லை என்றால், பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கியிருப்பீர்கள்.

“நான் இப்போது சொல்வது பொய்” என்று சொன்னாலும் தப்பியிருக்கலாமே?

அந்த வாக்கியமும் மெய் என்றால் பொய்யாகும், பொய் என்றால் மெய்யாகும். ஆனால் அவையில் அது நிற்காது. “இது எதைப் பற்றியும் சொல்லவில்லை, வெறும் சொற்சுழல், ஒழுங்கான வாக்கியம் சொல்” என்று அரசன் தள்ளிவிடலாம். அமைச்சர்களும் தலையாட்டுவார்கள்.

“என் உயிர் வாளால்தான் போகும்” என்பதை அப்படித் தள்ள முடியாது. ஒரு மனிதன், ஒரு வாள், ஒரு சாவு: தெளிவான, நடக்கக்கூடிய ஒரு செய்தி. வேறு எந்த நாளிலும் வேறு யாரும் சொல்லியிருந்தால் இதில் எந்தச் சிக்கலும் இல்லை. அரசனின் ஆணையோடு சேரும்போதுதான் முடிச்சு விழுகிறது. முடிச்சின் பாதி அரசனுடையது என்பதால்தான் இதைப் பொறி திருப்பப்பட்ட கதை என்கிறோம்.

அரசன்தானே? “போதும் உன் பேச்சு” என்று வெட்டிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

தனியறையில் நடந்திருந்தால் வெட்டியிருப்பான். அதனால்தான் அவை நிறைந்திருந்தது என்பதையும், “இது என் வாக்கு” என்று அரசன் சொன்னதையும் கதையில் விடவே கூடாது. பலர் அவசரத்தில் இந்த இரண்டையும் விட்டுவிட்டு நேரே புதிருக்குப் போகிறார்கள். பிறகு இந்தக் கேள்வி வராமல் இருக்காது.

விகடகவியைச் சாகடிக்க அரசனுக்குப் புதிர் தேவையே இல்லை. காலையிலேயே ஆளை அனுப்பியிருக்கலாம். அவனுக்கு வேண்டியது நியாயமாகக் கொன்றான் என்ற பெயர். மெய்க்கு ஒரு தண்டனை, பொய்க்கு ஒரு தண்டனை என்று நீதிமன்றத்தின் உடையை அதற்காகத்தான் போட்டுக்கொண்டான். உடையைப் போட்டபின் அதற்கேற்ப நடக்க வேண்டியதாகிறது. தவறான தீர்ப்புச் சொன்னோம் என்று உணர்ந்த நொடியில் அரியணையிலேயே உயிர்விட்ட பாண்டியனைச் சிலப்பதிகாரத்தில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, சொல்லுக்குக் கட்டுப்படும் அரசன் புதியவன் அல்ல.

எங்கள் வீட்டில் “என் தலை வெட்டப்படும்” என்று விகடகவி சொன்னதாகத்தான் கேட்டிருக்கிறோம். நீங்கள் ஏன் மாற்றினீர்கள்?

நானும் முதலில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பத்து வயதுப் பையன் ஒருவன் எழுந்து, “முதலில் தூக்கிலிட்டுவிட்டு, பிறகு பிணத்தின் தலையை வெட்டினால்?” என்று கேட்டான். அறையில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவன் சொன்னது முற்றிலும் சரி. தூக்கிலிட்டுக் கொன்றபின் தலையை வெட்டினால், “என் தலை வெட்டப்படும்” என்பது மெய்யாகிவிடுகிறது. மெய்க்குத் தூக்கு, அதுவும் நடந்துவிட்டது. அரசன் வென்றுவிட்டான்.

அன்று முதல் “என் உயிர் வாளால்தான் போகும்” என்று மாற்றிக்கொண்டேன். தலையை எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம், உயிர் ஒருமுறைதான் போகும். கயிற்றில் போய்விட்டால் பிறகு வாளால் போக்க முடியாது. அந்தப் பையன் அடைத்துக் கொடுத்த ஓட்டை இது.

கதையைப் பரபரப்பாக்க “இன்று மாலைக்குள்” என்று சேர்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம். சேர்த்தால் விகடகவி செத்துவிடுவான். “இன்று மாலைக்குள் என் உயிர் வாளால் போகும்” என்று அவன் சொன்னால், அரசன் செய்ய வேண்டியதெல்லாம் பொழுது சாயும்வரை காத்திருப்பதுதான். சூரியன் மறைந்தவுடன் அந்த வாக்கியம் பொய்யாகிவிடும். பொய்க்கு வாள். இரவு விளக்கொளியில் ஆணை மீறாமல் வெட்டிவிடலாம்.

கெடு வைக்காததுதான் அவனுடைய கேடயம். இதை நான் ஒருமுறை மேடையில் சேர்த்துச் சொல்லிவிட்டு, நிகழ்ச்சி முடிந்து படியிறங்கும்போது ஒரு முதியவர் தனியாக அழைத்துச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இது அடுத்த கேள்விக்கும் உதவும்.

அரசன் மன்னித்து விட்டுவிட்டான் என்கிறீர்கள். விட்டுவிட்டால் அவன் சொன்னது பொய் ஆகிவிடுமே? அப்போது வாளால் வெட்ட வேண்டுமே?

எனக்கு வந்த கேள்விகளில் மிகக் கூர்மையானது இதுதான். “என் தலை வெட்டப்படும்” என்ற பழைய வாக்கியத்தை வைத்துச் சொல்பவர்களையும் இது திணறடிக்கும்.

முந்தைய பதிலை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் கெடு எதுவும் சொல்லவில்லை. எனவே விடுதலையாகி வீட்டுக்குப் போகும் விகடகவியின் வாக்கியம் இன்னும் பொய்யாகவில்லை, மெய்யாகவும் இல்லை. என்றாவது ஒருநாள் ஒரு வாள் அவன் உயிரைக் குடிக்கலாம், யார் கண்டார்கள்? அவன் உயிரோடு இருக்கும்வரை தீர்ப்புச் சொல்ல முடியாது. நோயிலோ முதுமையிலோ அவன் இறக்கும் நொடியில்தான் அது பொய்யாகிறது. அப்போது வெட்ட ஆள் இல்லை. விகடகவி இரண்டு தண்டனைகளையும் தடுத்ததோடு நிற்காமல், தன் தீர்ப்பைத் தன் ஆயுள் முழுவதும் தள்ளிவைத்துவிட்டான். ஆகவே கொல்லாமல் விடுவது ஒன்றுதான் அரசன் தன் சொல்லை மீறாமல் செய்யக்கூடிய காரியம். மன்னிப்பு என்று நாம் சொன்னாலும் அவனுக்கு வேறு வழியில்லை.

நாளை நடக்கப்போவதைப் பற்றிய வாக்கியம் இன்றே மெய்யோ பொய்யோ ஆகிவிடுமா என்று கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில், நாளை நடக்கலாம் அல்லது நடக்காமல் போகலாம் என்ற ஒரு கடற்போரை உதாரணம் காட்டி ஆராய்ந்திருக்கிறார். விகடகவி நின்றது அதே இடத்தில்தான்.

அப்படியானால் விடுவிக்காமல், தீர்ப்பு வரும்வரை சிறையில் வைத்திருக்கலாமே?

வைத்திருக்கலாம். ஆணையில் சிறையைப் பற்றி ஒன்றும் இல்லை. விகடகவியின் பதில் இரண்டு தண்டனைகளிலிருந்து மட்டுமே காப்பாற்றும். அரசனிடம் உள்ள எல்லா அதிகாரத்திலிருந்தும் காப்பாற்றாது. இதை மறைத்துச் சொல்வது சரியல்ல என்று நினைக்கிறேன். கேட்பவர் இதைக் கண்டுபிடித்துவிட்டால், “ஆமாம், இந்தக் கதவு திறந்தே இருக்கிறது” என்று ஒப்புக்கொள்ளுங்கள். வேண்டுமானால் ஆணையிலேயே “தண்டனை இல்லையேல் விடுதலை” என்று அரசன் வாயால் சொல்ல வைத்துவிடலாம். நான் சில நேரம் அப்படிச் சேர்ப்பதுண்டு.

அரசன் எப்படி ஆணையிட்டிருந்தால் விகடகவி தப்பியிருக்க முடியாது?

“இதுவரை நடந்த ஏதாவது ஒன்றைப் பற்றிச் சொல்” என்று கேட்டிருந்தால் போதும். நடந்து முடிந்ததை அரசனின் வாள் மாற்ற முடியாது. இரண்டாம் பதிலில் சொன்ன முடிச்சு விழ வழியில்லை.

இன்னொரு வழியும் உண்டு. “நான் தீர்ப்புச் சொல்லும் இந்த நொடியில் மெய் என்று காட்ட முடிந்தால் தூக்கு, காட்ட முடியாவிட்டால் வாள்.” விகடகவியின் வாக்கியத்தை அந்த நொடியில் மெய் என்று யாராலும் காட்ட முடியாது. எனவே வாள். வெட்டியபின் அது மெய்யாகிப் போனாலும் பரவாயில்லை, தீர்ப்பு முன்பே சொல்லப்பட்டுவிட்டது. கதையின் அரசன் மெய், பொய் என்ற இரண்டு சொற்களை மட்டும் நம்பினான். எந்த நொடியில் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை.

இது தெனாலிராமன் கதையா, பீர்பால் கதையா, முல்லா கதையா?

கதைக்கு ஊர் இல்லை; யார் பெயர் புகழ்பெற்றதோ அவரோடு போய் ஒட்டிக்கொள்ளும். கிருஷ்ணதேவராயர் விஜயநகரத்தை ஆண்டது 1509 முதல் 1529 வரை. தெனாலி ராமகிருஷ்ணர் தெலுங்கில் ‘பாண்டுரங்க மகாத்மியம்’ எழுதிய உண்மையான கவிஞர். ஆனால் அவர் பெயரில் உலவும் கதைகள் எல்லாம் அவர் வாழ்வில் நடந்தவை என்று கொள்ள முடியாது. பீர்பாலும் அப்படித்தான்; அக்பரின் அவையில் இருந்து 1586இல் போரில் இறந்தவர், கதைகளோ அவரை விட்டு வெகுதூரம் போய்விட்டன. அதனால் நான் பெயர் சொல்லாமல் விகடகவி என்றே சொல்கிறேன். அந்தச் சொல்லைத் திருப்பிப் படித்தாலும் விகடகவிதான்; திரும்பும் பதிலைச் சொன்னவனுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்கவில்லை.

முல்லா நஸ்ருதீன் பெயரில் சொல்லப்படுவது சற்று வேறுபட்டது. நகர வாசலில் தூக்குமேடை நிற்கிறது. எங்கே போகிறாய் என்று கேட்டால் மெய் சொன்னவனுக்கு வழி, பொய் சொன்னவனுக்குத் தூக்கு. முல்லா, “தூக்கில் தொங்கப் போகிறேன்” என்கிறார். இதே புதிர் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வான்டெஸின் ‘டான் கிஹோட்டே’ இரண்டாம் பாகத்திலும் வருகிறது (1615, 51ஆம் அத்தியாயம்). அங்கே ஒரு பாலம், அதைக் கடந்தால் தூக்குமேடை, நான்கு நீதிபதிகள். ஆளுநராக இருக்கும் சாஞ்சோ பான்சாவிடம் வழக்கு வருகிறது. மெய் சொன்ன பாதி மனிதனைப் போக விடுங்கள், பொய் சொன்ன பாதியைத் தூக்கிலிடுங்கள் என்கிறான் முதலில். பாதியாக்கினால் செத்துவிடுவானே என்றதும், இரு பக்கமும் காரணம் சமமாக இருக்கும்போது இரக்கத்தின் பக்கம் சாயலாம் என்று விட்டுவிடச் சொல்கிறான். அங்கே விடுதலைக்குக் காரணம் இரக்கம். நம் கதையில் அரசனுக்கு இரக்கம் துளியும் தேவைப்படவில்லை.

“முதுமையால் சாக விரும்புகிறேன்” என்று தெனாலிராமன் சொன்ன கதையும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. அங்கே அரசன், எப்படிச் சாக விரும்புகிறாய் என்று கேட்கிறான். ராமன் முதுமையைத் தேர்ந்தெடுக்கிறான். பிரான்ஸ் நாட்டு அரசவை விகடன் திரிபுலே பெயரிலும் அதே பதில் சொல்லப்படுகிறது. அழகான பதில், ஆனால் அதில் முரண்பாடு இல்லை. அரசன் வேலி போடாமல் விட்ட இடத்தில் அவன் நுழைந்துவிட்டான், அவ்வளவுதான். “இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடு” என்று கேட்டிருந்தால் பதிலே இல்லை.

நம் விகடகவிக்கு அரசன் வேலி முழுதும் போட்டுவிட்டான். மெய், பொய் தவிர மூன்றாவது இல்லை என்று நினைத்துத்தான் போட்டான். அந்த வேலியையே எடுத்து அரசனைச் சுற்றிக் கட்டியது இந்தப் பதில்.

சின்னக் குழந்தைகளுக்குத் தூக்கும் வாளும் பயமாக இருக்கிறது. நாடு கடத்தல் என்று மாற்றலாமா?

மாற்றிப் பார்த்தேன், கதை ஒழுகியது. மெய்யானால் கிழக்கு வாசல் வழியாகத் துரத்துவேன், பொய்யானால் மேற்கு வாசல் வழியாக என்றான் அரசன். “மேற்கு வாசல் வழியாகப் போவேன்” என்றான் விகடகவி. உடனே ஒரு சிறுமி, “முதலில் மேற்கில் தள்ளிவிட்டு, திரும்ப அழைத்துவந்து கிழக்கில் தள்ளலாமே” என்றாள். பிணத்தின் தலையை வெட்டச் சொன்ன பையனின் அதே வழி. ஒருமுறைக்கு மேல் நடக்க முடியாத ஒன்றை வைத்தால்தான் அரசன் சிக்குவான். பழைய கதைசொல்லிகள் சாவை வைத்ததற்குக் காரணம் கொடுமை மட்டும் அல்ல என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இப்போது சின்னவர்களுக்கு ஒரு பழத்தை வைத்துச் சொல்கிறேன். “நீ சொல்வது மெய்யானால் இந்தப் பழத்தை நான் தின்பேன், பொய்யானால் என் யானை தின்னும், இரண்டும் இல்லையென்றால் உனக்கு.” விகடகவி, “இந்தப் பழத்தை யானைதான் தின்னும்” என்கிறான். தின்ற பழத்தை மறுபடி தின்ன முடியாது, ஆகவே ஓட்டை இல்லை. முதல்முறை மாம்பழம் வைத்துச் சொன்னபோது, “அரசனுக்குப் பாதி, யானைக்குப் பாதி” என்றது ஒரு குழந்தை. சாஞ்சோ பான்சா பால வழக்கில் சொன்னது அதுவேதான் என்று அவளிடம் சொன்னேன். அடுத்த முறையிலிருந்து, பாதியாக்க யாருக்கும் மனம் வராத ஒற்றை நாவற்பழத்தை வைத்துக்கொண்டேன்.